‘இன்னும் ஒரே ஒரு பெட்’ – அந்த இருபது நிமிடத்தைக் கடப்பது எப்படி?

இரவு ஒன்பதரை மணி. டி20 மேட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது. டெலிகிராமில் ஒரு மெசேஜ் வந்து விழுகிறது. கை தானாகப் போனை எடுக்கிறது. லிங்க்கைத் தட்டி, தொகையைப் போட்டு, யுபிஐ பின் நம்பரை அடித்தால் பணம் போய்விடும். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகாது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்தது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அதே மாதத்தில் ட்ரீம்11, எம்பிஎல் போன்ற பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. ஆனால் வெளிநாட்டிலிருந்து இயங்கும் பெட்டிங் தளங்களின் லிங்க்குகள் கைக்குக் கை இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஆப் போனாலும், ஆடிப் பழகிய கையின் அரிப்பு கூடவே போய்விடுவதில்லை.

அந்த அரிப்பு திடீரென்று கிளம்பும்போது அடுத்த சில நிமிடங்களில் என்ன செய்வது? மனநல சிகிச்சையில் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. அதன் பெயர் ‘அர்ஜ் சர்ஃபிங்’. உந்துதலை ஓர் அலைபோலப் பார்த்து, அதன்மேல் மிதந்து கடப்பது. இதோடு சேர்த்துச் சொல்லித்தரப்படுவது ‘தள்ளிப்போடும்’ உத்தி. இரண்டும் எப்படி வேலை செய்கின்றன, எங்கே சறுக்குகின்றன என்று பார்ப்போம்.

அலை என்ற யோசனை எங்கிருந்து வந்தது?

ஆலன் மார்லட் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர். குடி, புகை போன்ற பழக்கங்களை விட்டவர்கள் ஏன் மறுபடியும் அதிலேயே விழுகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆய்வு. புகைப்பதை நிறுத்த முயன்ற ஒருவருக்கு, உந்துதல் என்பது ஏறி, உச்சம் தொட்டு, தானாக இறங்கும் அலை மாதிரி என்று அவர் விளக்கினார். பெயர் அதிலிருந்து வந்தது.

மெரினாவில் அலையில் நின்று விளையாடிய யாருக்கும் இது புரியும். வரும் அலையை நெஞ்சால் முட்டித் தடுக்கப் பார்த்தால் அது ஆளைப் புரட்டிப் போடும். வரும் நேரத்தில் உடலைத் தளர்த்தி லேசாக எழும்பினால், நம்மைத் தூக்கி இறக்கிவிட்டு அது கரைக்குப் போய்விடும்.

உந்துதலும் தீனி போடாவிட்டால் பொதுவாக 20 முதல் 30 நிமிடங்களுக்குள் தணியத் தொடங்கும் என்று சிகிச்சையில் சொல்லித்தருகிறார்கள். ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் இது மாறும். அந்த நேரத்தில் நமக்குத் தோன்றுவது வேறு: “பெட் கட்டினாத்தான் இது அடங்கும், இல்லன்னா ராத்திரி பூரா இப்படியேதான் இருக்கும்.” பலமுறை பெட் கட்டியே அடக்கிப் பழகியவருக்கு, தானாக அடங்கும் அனுபவமே கிடைத்திருக்காது. முதல் சில முறை இந்த முறையைச் செய்வதே அந்த அனுபவத்தைப் பெறுவதற்காகத்தான்.

‘நினைக்காதே’ என்றால் ஏன் வேலைக்கு ஆவதில்லை?

1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். பங்கேற்றவர்களிடம், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது என்றார்கள். கரடி திரும்பத் திரும்ப மனதுக்குள் வந்தது. பிறகு ‘இப்போது நினைக்கலாம்’ என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்கு அதிகமாக வந்தது.

“பெட்டைப் பத்தி யோசிக்கவே கூடாது” என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் இதுவே நடக்கும். யோசிக்கிறோமா இல்லையா என்று சரிபார்க்கவே பெட்டை நினைக்க வேண்டியிருக்கிறது.

அர்ஜ் சர்ஃபிங் இதற்கு எதிர்த்திசையில் போகிறது. உந்துதல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அதை வேடிக்கை பார்க்கச் சொல்கிறது. 2009இல் சாரா பவன், மார்லட் இருவரும் புகைபிடிக்கும் 123 கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் அர்ஜ் சர்ஃபிங் சுருக்கமாகச் சொல்லித்தரப்பட்டது. உந்துதலின் அளவில் இரு குழுக்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அடுத்த 7 நாட்களில், கற்றுக்கொண்டவர்கள் குறைவான சிகரெட்டுகளையே பிடித்திருந்தார்கள்.

இந்த முடிவை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ஆசையைக் குறைப்பதாக இந்த முறை வாக்குத் தரவில்லை. ஆசை இருக்கும்போதே கையை நகர்த்தாமல் இருக்க முடியும் என்பதைப் பழக்குகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இது புகைபிடிப்பவர்களிடம் செய்த சிறிய ஆய்வு. பெட்டிங்குக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சூதாட்டக் கோளாறை உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் போதைப் பழக்கங்களோடு சேர்த்தே வைத்திருக்கிறது. அதனால் அங்கே பயன்படும் கருவிகள் இங்கேயும் கையாளப்படுகின்றன.

எப்படிச் செய்வது?

முதல் வேலை, வந்திருப்பது என்ன என்று பெயர் சொல்வது. “இது உந்துதல். 10க்கு 7 இருக்கும்” என்று மனதுக்குள் சொன்னால் போதும். எண் போடும்போதே நாம் அதற்கு வெளியே ஓரடி தள்ளி நிற்கிறோம்.

அடுத்து, அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடுவது. சிலருக்கு நெஞ்சு படபடக்கும். சிலருக்கு விரல் நுனி துறுதுறுக்கும், தொண்டை வறளும், வயிறு இறுகும். ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்கே சூடா, இறுக்கமா, துடிப்பா, எவ்வளவு பரப்பு என்று கவனிக்க வேண்டும். “அந்த டீம்தான் ஜெயிக்கும்” என்ற கணக்கு மனதில் ஓடும். அதோடு வாதாட வேண்டாம். கவனம் போய்விட்டது தெரிந்ததும் மறுபடி உடம்புக்கே கொண்டுவர வேண்டும்.

மூச்சை இயல்பாக விட்டு, ஒவ்வொரு மூச்சோடும் அந்த இடம் கூடுகிறதா, குறைகிறதா என்று மட்டும் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி எண் போடுங்கள். 7 என்பது 8 ஆகலாம், 9 ஆகலாம். அலை ஏறுகிறது, அவ்வளவுதான். தோற்றுவிட்டோம் என்று அர்த்தமில்லை.

தள்ளிப்போடுவது: ‘வேண்டாம்’ அல்ல, ‘இப்போது இல்லை’

“இனிமே வாழ்க்கையிலே பெட்டே கட்ட மாட்டேன்” என்பதை 8 அளவு உந்துதலில் இருக்கும் மூளை ஏற்காது. “பதினைந்து நிமிஷம் கழிச்சு முடிவு பண்றேன்” என்பதை ஏற்கும். அந்தப் பதினைந்து முடிந்ததும் இன்னொரு பதினைந்து. அலை இறங்குவதற்குத் தேவையான நேரத்தை இப்படித் துண்டு துண்டாக வாங்குகிறோம்.

வாயால் சொல்லும் தாமதத்தைவிட, பணம் போகும் பாதையிலேயே தாமதம் இருந்தால் பலம் அதிகம். 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட உத்தரவின்படி, டெபிட், கிரெடிட் கார்டுகளின் ஆன்லைன் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தனித்தனியாக அணைத்து வைக்கவும், வரம்பு போடவும் வங்கிகள் வசதி தர வேண்டும். வங்கி ஆப்பில் ‘கார்டு கட்டுப்பாடு’ போன்ற பகுதியில் இது இருக்கும். யுபிஐக்கு, செலவுக்கு மட்டும் சிறு தொகை வைக்கும் ஒரு கணக்கை இணைத்து, சம்பளக் கணக்கை யுபிஐயிலிருந்து நீக்கிவிடலாம். மறுபடி இணைக்க வேண்டுமானால் கார்டு எண் அல்லது ஆதார் ஓடிபி போட்டு, புதிதாகப் பின் அமைக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்த வேலை பல நிமிடங்களாக நீளும்.

அரசும் இந்த உத்தியைப் பயன்படுத்தியது. தமிழ்நாட்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை தடை விதிக்கப்பட்டது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2025 ஜூன் 3 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்த விதிகள் செல்லும் என்றது. ஆடவே கூடாது என்று சொல்லாமல், ‘ஐந்து மணி நேரம் பொறு’ என்று சொன்ன விதி அது.

ஓர் இரவு, நிமிடக் கணக்கில்

இது கற்பனை உதாரணம். கார்த்திக் என்று வைத்துக்கொள்வோம். வயது 27, ஊர் திருநெல்வேலி, வேலை பெங்களூரு ஐடி நிறுவனத்தில், தங்கியிருப்பது பிடிஎம் லேஅவுட்டில் ஒரு பிஜி. போன வாரம் 6,000 ரூபாய் விட்டிருக்கிறார். இன்று சம்பளம் வந்திருக்கிறது.

9:25. டெலிகிராமில் ‘டிப்’ வருகிறது. மனதில் ஓடுவது: “விட்ட ஆறாயிரத்தை மட்டும் எடுத்துட்டு நிறுத்திடலாம்.” கார்த்திக் அதற்கு 7 என்று எண் போடுகிறார். விரல் நுனியிலும் நெஞ்சிலும் தெரிகிறது. டிவியை அணைக்கிறார். போனைச் சார்ஜில் போட்டு அறையிலேயே விட்டுவிட்டு, கையில் வாட்ச், பையில் ஐம்பது ரூபாய் நோட்டோடு கீழே டீக்கடைக்குப் போகிறார்.

போனில் டைமர் வைத்தால் என்ன? போன் கையிலேயே இருக்கும். ஆபத்தான பொருளையே காவலுக்கு வைத்த மாதிரி. அதனால்தான் வாட்ச்.

9:30. எண் 8. டீயை வாங்கிக்கொண்டு, விரலில் இருக்கும் துறுதுறுப்பை மட்டும் கவனிக்கிறார். 9:35. பக்கத்துக் கடையில் யாரோ “சிக்ஸர்!” என்று கத்துகிறார்கள். எண் 9. இதுதான் கடினமான இடம். கார்த்திக் கடையை விட்டு நகர்ந்து, சத்தம் கேட்காத தெருப் பக்கமாக நடக்கிறார். 9:40இல் முதல் பதினைந்து நிமிடம் முடிகிறது. எண் இன்னும் 8 என்பதால் இன்னொரு பதினைந்து. 9:45இல் 6. 9:55இல் 4.

10:15. அறைக்கு வந்து போனைப் பார்த்ததும் அடுத்த அலை, 6. முன்பே பேசி வைத்தபடி அக்காவுக்குப் போன் போட்டு, காதில் வைத்தபடியே மாடிக்குப் போகிறார்.

“அக்கா, சும்மாதான். ஒரு பத்து நிமிஷம் பேசேன்.”

“சரிடா. சாப்பிட்டியா? அம்மா இன்னிக்கு என்ன பண்ணாங்க தெரியுமா…”

அக்கா ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. அப்படித்தான் ஒப்பந்தம். அறிவுரை ஆரம்பித்தால் அடுத்த முறை கார்த்திக் கூப்பிட மாட்டார் என்று அவருக்குத் தெரியும். 10:30இல் எண் 3.

கார்த்திக் அதோடு படுக்கப் போகவில்லை. அலை இறங்கிய அந்தப் பத்து நிமிடத்தில் டெலிகிராம் குழுவிலிருந்து வெளியேறி, கார்டின் ஆன்லைன் பயன்பாட்டை அணைத்து, வாடகைப் பணத்தை அக்காவின் கணக்குக்கு அனுப்புகிறார். இந்த வேலைகளை 9 அளவில் இருக்கும்போது செய்ய முடியாது. 3 அளவில் செய்யலாம். அடுத்த அலைக்கான தடுப்பை இரண்டு அலைகளுக்கு நடுவில்தான் கட்ட வேண்டும்.

எங்கே சறுக்கும்?

முதலாவது, மேட்ச்சைப் பார்த்துக்கொண்டே செய்வது. சிகரெட் ஆசைக்கும் லைவ் பெட்டிங் ஆசைக்கும் இங்கே பெரிய வித்தியாசம் உண்டு. லைவ் பெட்டிங்கில் ஒவ்வொரு பந்தும் ஒரு புதுத் தூண்டுதல். ஒரு அலை இறங்குவதற்குள் அடுத்தது கிளம்பிவிடும். இருபது நிமிடமாகியும் எண் 8இலேயே நிற்கிறதா? மனவுறுதியைச் சந்தேகிக்கும் முன், எங்கிருந்தோ தீனி வருகிறதா என்று பாருங்கள்: டிவி, ஸ்கோர் நோட்டிஃபிகேஷன், ஆபீஸ் வாட்ஸ்அப் குழு.

இரண்டாவது, பதினைந்து நிமிடத்தைக் காத்திருப்பு அறையாக ஆக்குவது. அந்த நேரத்தில் எந்த டீம், எவ்வளவு தொகை என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால், தள்ளிப்போடவில்லை, தயாராகிக்கொண்டிருக்கிறோம். இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: “கடைசி ஒரு நிமிஷம் என் கவனம் எங்கே இருந்தது? உடம்பிலா, ஸ்கோரிலா?”

மூன்றாவது, ஒருமுறை சறுக்கிய பிறகு வரும் நினைப்பு. நூறு ரூபாய் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “போச்சு, எல்லாம் போச்சு, இனிமே என்ன” என்று மீதிச் சம்பளமும் அதன் பின்னாலேயே போகும். மார்லட் தன் ஆய்வுகளில் இதைத் தனியாகவே எடுத்துப் பேசினார். சறுக்கல் முழு வீழ்ச்சியாக மாறுவதற்கு அந்த முதல் நூறு ரூபாயைவிட, அதைப் பற்றி நமக்கு நாமே சொல்லிக்கொள்வதுதான் பெரிய காரணம் என்பது அவர் கருத்து. நூறு ரூபாய் போன நொடியிலும் வாட்ச்சைப் பார்த்து, புதிதாகப் பதினைந்து நிமிடம் தொடங்கலாம். 100 ரூபாய் நஷ்டத்துக்கும் 40,000 ரூபாய் நஷ்டத்துக்கும் நடுவில் இருப்பது அதுதான்.

இது போதாது என்று எப்போது தெரிந்துகொள்வது?

உந்துதல் அலை மாதிரி வந்து போகும். கடன் அப்படிப் போகாது. லோன் ஆப்பில் வாங்கிய பணத்துக்குத் தவணை நெருங்கும்போது வரும் பதற்றத்தை உந்துதல் என்று நினைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால் பிரச்சினை பெரிதாகத்தான் ஆகும். விட்டதை எடுக்கவே மறுபடி ஆடுவது, தொகை ஏறிக்கொண்டே போவது, வீட்டில் பொய் சொல்வது, நிறுத்த முயன்று பலமுறை முடியாமல் போவது ஆகியவை மருத்துவ உதவி தேவை என்பதற்கான அறிகுறிகள். அங்கே இந்த முறை சிகிச்சையின் ஒரு துண்டு மட்டுமே.

பெங்களூருவில் இருப்பவர்களுக்கு ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. போதைப் பழக்கங்களுக்கு அங்கே தனி மையம் உண்டு. செல்போன், ஆன்லைன் கேமிங் போன்ற தொழில்நுட்பப் பழக்கங்களுக்காக 2014இல் தொடங்கப்பட்ட ‘ஷட்’ கிளினிக்கும் அங்கே இருக்கிறது.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் டெலி-மானஸ் இலவச உதவி எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். கடன் நெருக்கடியில் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், பதினைந்து நிமிடம் காத்திருந்து பார்க்க வேண்டாம். உடனே கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

இந்த எண்ணையும், ‘ஏன்’ என்று கேட்காமல் பேசக்கூடிய ஒருவரின் எண்ணையும் ஒரு தாளில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்வது நல்லது. போனை அறையில் விட்டுவிட்டுக் கீழே இறங்கும் அந்த இருபது நிமிடத்தில், கையோடு இருக்கப்போவது பர்ஸ்தான்.